ஊருணித் தண்ணீருக்கு எது சரி: மெதுமணல் வடிகட்டியா, விரைவு வடிகட்டியா?

பேரூராட்சி அலுவலக மேசையில் இரண்டு வரைபடங்கள் விரித்து வைக்கப்பட்டிருந்தன. இரண்டும் ஒரே ஊருக்கு, ஒரே ஊருணித் தண்ணீருக்கு, நாளொன்றுக்கு 10 லட்சம் லிட்டர் சுத்தம் செய்யப் போட்டவை. ஒன்றில் மணல் தொட்டிகள் மூன்று, மொத்தம் 420 சதுர மீட்டர், கிட்டத்தட்ட பத்தரை சென்ட். இன்னொன்றில் தொட்டிகள் இரண்டு, மொத்தமே பன்னிரண்டரை சதுர மீட்டர்.

"என்னண்ணே இது, ஒண்ணு கல்யாண மண்டபம் மாதிரி இருக்கு, ஒண்ணு கார் ஷெட் மாதிரி இருக்கு. ரெண்டும் ஒரே வேலையத்தான் செய்யுதா?" என்று ஒரு கவுன்சிலர் கேட்டார்.

நல்ல கேள்வி. பதில்: இல்லை. இரண்டிலும் மணல் இருக்கிறது, மேலே விட்ட தண்ணீர் கீழே தெளிந்து வருகிறது. அதோடு ஒற்றுமை முடிந்தது. குடிநீர்ப் பணியில் இருந்த காலத்தில் இரண்டு வகை நிலையங்களிலும் மாறி மாறி வேலை பார்த்தவன் என்பதால்தான் அன்று என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்திருந்தார்கள். அங்கே சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். செட்டிநாட்டில் பல பேரூராட்சிகளுக்கு இதே நிலைமைதான்: செம்மண் பூமி, மழையை நம்பிய கண்மாய், அதிலிருந்து நிரம்பும் ஊருணி, கோடையில் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் தயவு.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் ஊர்ப் பிரச்சினை போர்த் தண்ணீரின் உப்பு என்றால் இந்தக் கட்டுரை உங்களுக்கு உதவாது. இரண்டு வடிகட்டியுமே உப்பை எடுக்காது, புளோரைடையும் எடுக்காது. இது கண்மாய், ஊருணி போன்ற மேற்பரப்புத் தண்ணீருக்கான கணக்கு.

ஒன்று உயிரால் வேலை செய்கிறது, இன்னொன்று படிகாரத்தால்

மெதுமணல் வடிகட்டியில் தண்ணீர் மணிக்கு 10 சென்டிமீட்டர்தான் இறங்கும். அரைச் சாண் கூட முழுசாக வராது. சுமார் ஒரு மீட்டர் மணல், அதன் மேல் ஒரு மீட்டர் தண்ணீர், அடியில் ஜல்லி அடுக்கு, அதற்கும் அடியில் தண்ணீரைச் சேர்த்து வெளியே கொண்டுபோகும் வடிகால். மணல் 0.2 முதல் 0.3 மில்லிமீட்டர் வரையிலான நைஸ் மணல். புதிதாகப் போட்ட மணல் அழுக்கைப் பிடிக்குமே தவிர கிருமியைப் பெரிதாகப் பிடிக்காது. இரண்டு மூன்று வாரம் ஓடினால் மணலின் மேற்பரப்பில் வழவழப்பாக, பழுப்பும் பச்சையுமாக ஒரு தோல் படியும். பாக்டீரியா, பாசி, அவற்றைத் தின்னும் நுண்ணுயிர்கள் எல்லாம் அதில் குடியிருக்கும். தண்ணீரில் வரும் நோய்க்கிருமியை இந்தத் தோலும் அதற்குக் கீழே உள்ள ஒரு சாண் மணலும் சேர்ந்து தின்றே தீர்த்துவிடும். தோல் நன்றாகப் பிடித்த தொட்டி நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் பாக்டீரியாவை எடுக்கும். மருந்து எதுவும் போட வேண்டியதில்லை. கடைசியில் காவலுக்குக் கொஞ்சம் குளோரின் மட்டும்.

இது பழைய தொழில்நுட்பம் என்று சொல்லிக் கைகழுவுவார்கள். பழையதுதான். லண்டனில் செல்சி குடிநீர் நிறுவனத்துக்காக ஜேம்ஸ் சிம்சன் 1829-இல் கட்டியது இந்த வகைதான். 1892-இல் ஹாம்பர்க் நகரில் காலரா வந்து 8,000 பேருக்கு மேல் செத்தார்கள். பக்கத்திலேயே ஒட்டிக் கிடந்த ஆல்டோனா ஊரும் அதே எல்பே ஆற்றில்தான் தண்ணீர் எடுத்தது, அதுவும் ஹாம்பர்க்கின் சாக்கடை கலந்த பிறகு. ஆனால் ஆல்டோனாவில் மணல் வடிகட்டி இருந்தது, ஹாம்பர்க்கில் இல்லை. ஆல்டோனா பெருமளவு தப்பித்தது.

விரைவு வடிகட்டியில் தண்ணீர் மணிக்கு 5 மீட்டர் இறங்கும். ஐம்பது மடங்கு வேகம். மணலும் பருமன், 0.45 முதல் 0.7 மில்லிமீட்டர். அந்த வேகத்தில் தோல் எதுவும் வளராது. அப்படியே கலங்கல் தண்ணீரை விட்டால் கலங்கலாகவே கீழே வரும். அதனால் முதலில் படிகாரத்தைக் கரைத்துக் கலந்து, மெதுவாகக் கலக்கி, மண் துகள்களை ஒன்றோடொன்று ஒட்ட வைத்துப் பஞ்சுபோலத் திரள வைத்து, படிய விட்டு, படியாமல் மிஞ்சியதை மட்டும்தான் மணலுக்கு அனுப்புகிறோம். நம் வீடுகளில் மண்பானையின் உள்பக்கம் தேற்றாங்கொட்டையைத் தேய்த்துவிட்டுக் கலங்கல் தண்ணீரை ஊற்றி வைத்தார்களே, அதே வேலையைத்தான் இங்கே படிகாரம் செய்கிறது. ஆக, விரைவு வடிகட்டி என்று வரைபடத்தில் கார் ஷெட் அளவுக்குத் தெரிந்தது வடிகட்டி மட்டும்தான். கலக்கும் தொட்டி, திரட்டும் தொட்டி, படிய வைக்கும் தொட்டி, படிகார அறை, கழுவும் பம்பு, கழுவிய தண்ணீர் போக ஒரு குழி என்று எல்லாவற்றையும் சேர்த்தால் அதுவும் சின்ன இடமில்லை. பத்தரை சென்ட் ஆகாது, அவ்வளவுதான். தவிர, செட்டிநாட்டில் பத்தரை சென்ட் என்பது பயப்பட வேண்டிய அளவா? இந்தத் தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீண்டு கிடக்கும் நம் பெரிய வீடுகளில் பலவும் அதைவிடப் பெரிய மனையில் நிற்கின்றன. இடத்தை வைத்து முடிவு பண்ண வேண்டிய ஊர்கள் இவை இல்லை.

மூன்று பாட்டில் சோதனை

அப்படியென்றால் எதை வைத்து முடிவு பண்ணுவது? மழைக்காலக் கலங்கலை வைத்து.

மெதுமணல் வடிகட்டியின் ஒரே பெரிய பலவீனம் மண். கலங்கலை என்டியு என்ற அலகில் அளப்பார்கள். வரும் தண்ணீரின் கலங்கல் 10 என்டியு-வுக்குள் இருந்தால் அது சுகமாக இரண்டு மாதம் ஓடும். 30 வரை சில வாரம் தாங்கும். 50-க்கு மேல் போனால் நாலைந்து நாளில் தோலின் மேல் களிமண் பூசி அடைத்துக்கொள்ளும். நம் செம்மண் வேறு மிக நைஸ். ஐப்பசி மழையில் கண்மாய்க்கு வரும் முதல் தண்ணீரைக் கையில் அள்ளினால் டீ மாதிரி இருக்கும், அதில் 200, 300 காட்டினாலும் ஆச்சரியமில்லை. இதைப் பார்த்துப் பயந்துதான் பல பொறியாளர்கள் யோசிக்காமல் விரைவு வடிகட்டி போட்டுவிடுகிறார்கள்.

ஆனால் நாம் வாய்க்காலில் இருந்து நேராக எடுக்கப் போவதில்லை. நடுவில் ஊருணி இருக்கிறது. இந்த ஊரின் ஊருணி நாலு ஏக்கர், நிரம்பினால் மூன்று மீட்டர் ஆழம், சுமார் 48,000 கன மீட்டர் பிடிக்கும். நாளைக்கு 1,000 கன மீட்டர் எடுத்தால் ஒரு சொட்டுத் தண்ணீர் சராசரியாக 48 நாள் அங்கே கிடந்துவிட்டுத்தான் வடிகட்டிக்கு வரும். அந்த 48 நாளில் எவ்வளவு தெளியும் என்பதுதான் கேள்வி. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய ஆய்வகம் வேண்டாம்.

நல்ல மழை பெய்த மறுநாள், வரத்துக்கால் ஊருணியில் விழும் இடத்தில் மூன்று கண்ணாடி பாட்டில்களில் தண்ணீர் பிடியுங்கள். தண்ணீர் உயரம் 20 சென்டிமீட்டர் இருக்கட்டும். வெயில் படாத, யாரும் தட்டாத அலமாரியில் வையுங்கள். முதல் பாட்டிலை ஒரு நாள் கழித்தும், இரண்டாவதை மூன்று நாள் கழித்தும், மூன்றாவதை ஒரு வாரம் கழித்தும், மேலிருந்து மெல்லக் குழாய்விட்டு உறிஞ்சி, கலங்கல் மீட்டரில் பாருங்கள். கையடக்க மீட்டர் குடிநீர் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் இருக்கும்.

கணக்கு இப்படி. ஒரு மண் துகள் 20 சென்டிமீட்டர் இறங்க ஒரு நாள் எடுத்தால், ஊருணியின் மூன்று மீட்டர் இறங்க 15 நாள் எடுக்கும். ஆழம் பதினைந்து மடங்கு, அவ்வளவுதான் விஷயம். அப்படிப் பார்த்தால் ஊருணியின் 48 நாள் என்பது பாட்டிலில் மூன்று நாளைக்குச் சற்று அதிகம். ஆனால் ஊருணியில் காற்று அலையடிக்கும், மாடு இறங்கும், வரத்துக்காலும் எடுக்கும் குழாயும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் புதுத் தண்ணீர் குறுக்கே ஓடிவந்துவிடும். அதனால் நான் பாதியைத்தான் நம்புவேன். ஒன்றாம் நாள் பாட்டிலுக்கும் மூன்றாம் நாள் பாட்டிலுக்கும் நடுவே வரும் எண்தான் வடிகட்டிக்கு வரப்போகும் தண்ணீர்.

அந்த எண் 10-க்குள் வந்தால் மெதுமணல் வடிகட்டியை யோசிக்காமல் போடலாம். 10-க்கும் 30-க்கும் நடுவே என்றால் முன்னால் ஒரு ஜல்லி வடிகட்டி வைத்துப் போடலாம். ஒரு வாரப் பாட்டில்கூடப் பால் கலந்த மாதிரி 50-ஐத் தாண்டி நின்றால், அந்த மண் துகள் தானாகப் படியாத ஜாதி. ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதந்துகொண்டே இருக்கும். படிகாரம் போட்டுத்தான் திரட்ட முடியும். அங்கே விரைவு வடிகட்டிதான், வேறு பேச்சில்லை.

இந்த ஊரில் பாட்டில்கள் இடைப்பட்ட எண்ணைத்தான் காட்டின: ஒரு நாளில் 34, மூன்று நாளில் 16. ஒரு மழையை மட்டும் வைத்து முடிவு பண்ணாதீர்கள் என்று சொல்லி, கார்த்திகையிலும் ஒரு முறை எடுக்கச் சொன்னேன். அதுவும் பெரிதாக மாறவில்லை. அதாவது ஜல்லி வடிகட்டியோடு கூடிய மெதுமணல் வடிகட்டி, கணக்குப்படி நிற்கும். மணிக்கு 42 கன மீட்டர் தண்ணீருக்கு, கீழிருந்து மேலே ஏறும் ஜல்லித் தொட்டி மணிக்கு 60 சென்டிமீட்டர் வேகத்தில் என்றால் 70 சதுர மீட்டர் போதும்.

விரைவு வடிகட்டியில் எங்கே சறுக்கும்

சரி, இரண்டுமே நிற்கும் என்றால் ஏன் மெதுவானதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்? இதற்குக் காகிதத்தில் இல்லாத ஒரு காரணம் இருக்கிறது.

நான் முன்பு பார்த்த ஒரு சிறிய நிலையத்தில், ஊர் பெயர் வேண்டாம், விரைவு வடிகட்டிதான். நல்ல கட்டுமானம். ஒரு நாள் காலையில் போனால் சுத்த நீர்த் தொட்டியில் வெள்ளை வெள்ளையாகப் பூப்பூவாய் ஏதோ மிதக்கிறது. படிகாரப் பஞ்சு. மணலைத் தாண்டி வந்துவிட்டது. ஆபரேட்டர் தம்பியைக் கேட்டேன், "எவ்வளவு படிகாரம் போடுறே?" "ஒரு நாளைக்கு ஒரு மூட்டை சார்." "மழை பெஞ்சா?" "அப்பவும் ஒரு மூட்டைதான் சார், மூட்டைக் கணக்குத்தான் ரெஜிஸ்டர்ல எழுதணும்."

அவன் மேல் தப்பில்லை. கலங்கல் ஒவ்வொரு நாளும் மாறும், அதற்குத் தகுந்தபடி அளவை மாற்ற வேண்டும், அதற்கு ஆறு கண்ணாடிக் குவளையில் வெவ்வேறு அளவு படிகாரம் போட்டுக் கலக்கிப் பார்க்கும் ஜார் டெஸ்ட் செய்ய வேண்டும் என்று யாரும் அவனுக்குச் சொல்லித் தரவில்லை. ஜார் டெஸ்ட் கருவி பாலிதீன் உறை பிரிக்காமல் அலமாரியில் இருந்தது. மூட்டைக் கணக்குத் தெளிந்த நாளில் அதிகம், கலங்கிய நாளில் பற்றாது. இரண்டுமே வடிகட்டிக்குக் கெடுதல்.

செட்டிநாட்டு ஊருணிக்கு இதில் இன்னொரு சிக்கல் உண்டு. எங்கள் ஆச்சி சொல்வார், "ஊருணித் தண்ணியில பருப்பு வெச்சா பஞ்சா வெந்துரும், போர்த் தண்ணியில வெச்சா விடிய விடிய வேகாது." காரணம், மழைத் தண்ணீர் மென்மையானது, சுண்ணாம்புச் சத்து குறைவு. பருப்புக்கு அது வரம், படிகாரத்துக்குத் தொல்லை. ஒரு மில்லிகிராம் படிகாரம் தண்ணீரிலுள்ள காரத்தன்மையில் சுமார் அரை மில்லிகிராமைத் தின்னும். லிட்டருக்கு 40 மில்லிகிராம் படிகாரம் போட வேண்டிய மழை நாளில் 20 மில்லிகிராம் காரத்தன்மை காணாமல் போகும். தண்ணீரில் இருப்பதே 30 என்றால் மிச்சம் 10. பிஎச் சடக்கென்று இறங்கும், பஞ்சு திரளாது, படிகாரம் கரைந்த நிலையிலேயே மணலைத் தாண்டிப் போய்விடும். ஆபரேட்டர் "திரளலையே" என்று இன்னும் ஒரு கூடை போடுவார், இன்னும் மோசமாகும். இதற்கு மாற்று, படிகாரத்தோடு சுண்ணாம்பும் கரைத்து ஊற்றுவது. சுண்ணாம்பை அரைத்துச் சுவரைக் கண்ணாடியாக மெருகேற்றிய ஊர்தான் இது, சுண்ணாம்பு கிடைக்காமல் போகாது. ஆனால் இரண்டு மருந்து, இரண்டு அளவு, ஒவ்வொரு நாளும் மாறுகிற கணக்கு. அதைப் புரிந்து செய்யும் ஆள் மூன்று ஷிப்டுக்கும் வேண்டும்.

அப்புறம் கழுவும் வேலை. விரைவு வடிகட்டி ஒன்றரை இரண்டு நாளுக்கு ஒரு முறை அடைத்துக்கொள்ளும். அப்போது கீழிருந்து மேலே வேகமாகத் தண்ணீரை அடித்துக் கழுவ வேண்டும், பேக்வாஷ் என்பது அதுதான். சதுர மீட்டருக்கு நிமிடத்துக்கு 600 லிட்டர், பத்து நிமிடம். ஆறேகால் சதுர மீட்டர் தொட்டிக்கு 37,500 லிட்டர், மூன்று டேங்கர் லாரி. காற்றும் சேர்த்து அடித்தால் குறையும். பம்பு தளர்ந்துபோய்ப் பாதி வேகத்தில் கழுவினால் வெளியே தெரியாது. மணலுக்குள் படிகாரமும் மண்ணும் ஒட்டி உருண்டை உருண்டையாகத் திரளும். அந்த நிலையத்தில் நான் மணலுக்குள் முழங்கை வரை கைவிட்டு எடுத்துப் பார்த்தேன், கொழுக்கட்டை அளவில் களிமண் உருண்டைகள். அந்த இடங்களில் தண்ணீர் போகாது, மற்ற இடங்களில் இரு மடங்கு வேகத்தில் பீறிட்டுப் போகும். கழுவிய தண்ணீரில் படிகாரச் சேறு இருப்பதால் அதைத் திருப்பி ஊருணியில் விடவும் கூடாது.

மின்தடையும் இதற்குச் சத்துரு. கரண்ட் போய்த் திரும்பி வந்ததும் பம்பு ஒரே மூச்சில் தள்ளும்போது, மணல் பிடித்து வைத்திருந்த பஞ்சு உதிர்ந்து கீழே போகும். முதல் பத்து பதினைந்து நிமிடத் தண்ணீரை வெளியே விட்டுவிட வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்கு யார் விடுவார்கள்?

மெதுமணல் தொட்டி இந்த விஷயத்தில் நிதானமானது. மணலுக்கு மேலே ஒரு மீட்டர் தண்ணீர் நிற்கிறதல்லவா, 420 சதுர மீட்டருக்கு அது 420 கன மீட்டர் கையிருப்பு. மணிக்கு 10 சென்டிமீட்டர் இறங்கும் கணக்கில், நாலு மணி நேரம் கரண்ட் இல்லாவிட்டாலும் 40 சென்டிமீட்டர்தான் குறையும். வடிகட்டிக்குக் கரண்ட் போனதே தெரியாது.

மெதுமணலுக்குச் செய்ய வேண்டியவை

அதற்காக அது ஒன்றும் கட்டிவிட்டு மறந்துவிடலாம் என்கிற சமாச்சாரம் இல்லை. ஒருபக்கமாகப் பேசினேன் என்று யாரும் சொல்லக் கூடாது.

முதல் தொல்லை மணல். விரைவு வடிகட்டிக்கு மூன்று யூனிட் மணல் போதும். மெதுமணலுக்குக் கிட்டத்தட்ட 150 யூனிட். ஆற்று மணல் இன்று கிடைக்கிற கிராக்கியில் இதுதான் பெரிய செலவு. எம்-சாண்ட் போடலாம், ஆனால் அதிலுள்ள கல் தூசியை அலசி எடுக்காமல் போட்டால் வாரக்கணக்கில் சாம்பல் நிறத் தண்ணீர் வரும். ஒரு கண்ணாடி டம்ளரில் ஒரு பிடி மணலைப் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வையுங்கள். ஒரு நிமிடம் கழித்து மேல் தண்ணீர் வழியாகச் செய்தித்தாளைப் படிக்க முடியவில்லையென்றால் அந்த லோடைத் திருப்பி அனுப்புங்கள். இதை ஒப்பந்தத்தில் எழுதிவிடுவது நல்லது.

இரண்டாவது, சுரண்டுவது. வெளியேறும் வால்வை முழுசாகத் திறந்தும் தண்ணீர் குறைந்துகொண்டே போனால் தோல் தடித்துவிட்டது என்று அர்த்தம். அந்தத் தொட்டியை மட்டும் நிறுத்தி, மணலுக்கு ஒரு சாண் கீழே தண்ணீர் இறங்கியதும், பலகை போட்டு அதன் மேல் நின்று, தட்டையான மண்வெட்டியால் மேலே இரண்டு சென்டிமீட்டரைச் சீவி எடுக்க வேண்டும். 140 சதுர மீட்டர் தொட்டிக்கு அது சரியாக ஒரு யூனிட் மணல். நாலைந்து பேர் காலையில் இறங்கினால் மதியச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிடும். அந்த நேரத்தில் மற்ற இரண்டு தொட்டிகள் மணிக்கு 15 சென்டிமீட்டரில் ஓடும், அதைத் தாங்கும். இரண்டு தொட்டிதான் போட்டிருந்தால் ஒன்றே மொத்தச் சுமையையும் இழுக்க வேண்டியிருக்கும், அதனால்தான் மூன்று. சீவிய தொட்டியை ஓரிரு நாள் வெளியே ஓடவிட்டு, தோல் திரும்பப் பிடித்ததும் சேர்க்கலாம். ஒரு மீட்டர் மணல் 60 சென்டிமீட்டராகக் குறைய இருபது தடவை சீவ வேண்டும். வருஷத்துக்கு நாலு தடவை என்றால் ஐந்து வருஷம். அதுவரை சீவிய மணலை அலசிக் காயவைத்துக் குவித்து வைத்தால் திரும்பப் போட அதுவே ஆகும், புதிது வாங்க வேண்டாம்.

மூன்றாவது, வெயில். நம்மூர் வெயிலில் மேல் தண்ணீரில் பாசி படர்ந்து மிதந்து, பிறகு செத்து மணல் மேல் விழுந்து அடைக்கும், தண்ணீரும் வாடையடிக்கும். கூரை போட்டால் நல்லது, முடியாவிட்டால் பச்சை நிழல்வலை கட்டினாலும் பெருமளவு குறையும்.

நாலாவதுதான் எனக்கு உண்மையிலேயே கவலை. இது பருவத் தண்ணீர். சித்திரை வைகாசியில் ஊருணி தரைதட்டினால் தொட்டியும் நின்றுபோகும், தோலும் செத்துப்போகும். அடுத்த மழைக்கு மறுபடி இரண்டு மூன்று வாரம் பழக்க வேண்டும். விரைவு வடிகட்டியை ஐந்து மாதம் பூட்டி வைத்துவிட்டுக் கழுவி அன்றைக்கே ஓட்டலாம், இதில் அதற்குத்தான் ஜெயம். தொட்டியை உயிரோடு வைக்கிறேன் என்று கூட்டுக் குடிநீர்த் திட்டத் தண்ணீரை அதில் விட்டுவிடாதீர்கள். அதில் குளோரின் இருக்கும், தோல் முழுக்கச் சாகும். ஐப்பசி முதல் தண்ணீரைத் தொடாமல் ஊருணியில் தெளிய விட்டு, கார்த்திகைக் கடைசியில் தொட்டிக்குள் எடுத்து, மார்கழி முழுக்க வெளியே ஓடவிட்டுப் பழக்கினால் பொங்கலுக்குக் குழாயில் விடலாம். வெளியே விடும் தண்ணீரில் மருந்து எதுவும் இல்லாததால் அதை ஊருணிக்கே திருப்பிவிடலாம், வீணாகாது. அதுவரை கூட்டுக் குடிநீர்தான். இதைத் தலைவருக்கும் கவுன்சிலர்களுக்கும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் மார்கழியில் யாராவது "தண்ணியத்தான் வெளிய விட்டுக்கிட்டு இருக்கீங்களே, குழாயில விட்டா என்ன" என்று வால்வைத் திருப்பிவிடுவார்கள்.

வால்வு என்றதும் ஞாபகம் வருகிறது. மெதுமணல் வடிகட்டியைக் கொல்ல இன்னொரு வழி அதை அவசரப்படுத்துவது. கோடையில் தண்ணீர் பற்றவில்லை என்று வெளி வால்வை முழுக்கத் திறந்துவிட்டால் வேகம் மூன்று மடங்காகும், தோல் பிய்த்துக்கொண்டு உள்ளே போகும். தண்ணீர் கண்ணுக்குத் தெளிவாகத்தான் இருக்கும், கிருமி இருக்கும். இதைத் தடுக்க வெளியேறும் பக்கம் ஒரு தடுப்புச் சுவர் வேண்டும், அதன் மேல்மட்டம் மணல் மட்டத்தைவிடக் கொஞ்சம் உயரம். வால்வை எப்படித் திறந்தாலும் மணல் காயாது. வேகத்தைப் பார்க்க அந்தச் சுவரில் வெட்டிய முக்கோண வாய்க்குப் பக்கத்தில் ஓர் அளவுகோல், அதில் மணிக்கு 10 சென்டிமீட்டருக்கான இடத்தில் ஒரு சிவப்புக் கோடு. படிக்காத ஆளும் பார்த்துச் சொல்லிவிடலாம்.

நான் எதைச் சொன்னேன்

இந்த ஊருக்கு மெதுமணல்தான் என்று எழுதிக் கொடுத்தேன். ஜல்லித் தொட்டி 70 சதுர மீட்டர், மணல் தொட்டி 140 சதுர மீட்டரில் மூன்று, நிழல்வலை, கடைசியில் குளோரின், குழாயின் கடைக்கோடி வீட்டில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிச்சம் இருக்கும்படி. இந்தியக் குடிநீர்த் தரநிலையான ஐஎஸ் 10500 கேட்கும் 1 என்டியு-வுக்குள் இது நிற்கும், வரும் தண்ணீர் நான் சொன்ன எண்ணுக்குள் இருக்கும் வரை.

ஊருணியிலும் ஒரு வேலை சொன்னேன். இப்போது வரத்துக்காலுக்கு ஐம்பதடி தள்ளித்தான் எடுப்புக் குழாய் இருக்கிறது. அதை எதிர்மூலைக்கு, தென்கிழக்குப் படித்துறைப் பக்கம் மாற்ற வேண்டும். இதைச் செய்யாவிட்டால் 48 நாள் கணக்கே பொய். மொத்தத் திட்டத்தில் மிகச் சின்னச் செலவு இதுதான், மிச்சம் பிடிக்கப் போகிறார்கள் என்றால் முதலில் வெட்டப்படுவதும் இதுதான், அதனால் தனியாகக் கோடிட்டு எழுதியிருக்கிறேன்.

எந்த நிலைமையில் மாற்றிச் சொல்லியிருப்பேன்? ஊருணி இல்லாமல் கண்மாய் மடையிலிருந்தோ ஆற்றுக் காலிலிருந்தோ நேராக எடுப்பதாக இருந்தால். ஒரு வாரப் பாட்டில் தெளியாமல் நின்றிருந்தால். ஊர் வளர்ந்து நாளைக்கு 50 லட்சம் லிட்டர் என்று ஆகப்போகிறது என்றால், அப்போது 2,100 சதுர மீட்டர் மணல், 740 யூனிட், அது நடைமுறைக்கு ஆகாது. அந்த அளவு ஊருக்கு ஒரு கெமிஸ்டைச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்ளவும் முடியும், விரைவு வடிகட்டியும் அங்கே ஒழுங்காக ஓடும்.

செயல் அலுவலர் வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டே, "சார், பாட்டில் மூணையும் தூக்கிப் போட்டுரலாமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அடுத்த ஐப்பசிக்கும் அதே பாட்டில்தான், 20 சென்டிமீட்டரில் ஸ்கெட்ச் பேனாவால் கோடு போட்டு வைத்திருக்கிறேன்.